மாதக் கடைசி நிரலாளர்

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பை நிரல் என்றும் அதை எழுதுபவரை நிரலாளர் என்றும் பாடநூல்கள் குறிப்பிட்டாலும், புதுச்சேரியின் மொத்த வியாபாரிகளிடையே அவருக்கு வழங்கும் பெயர் ‘சாஃப்ட்வேர் தம்பி’ என்பதே. லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ ஏதேனும் ஒரு வீட்டின் மாடி அறையில் இருந்து கொண்டு, நேரு வீதிக் கடைகளின் கணக்கைக் காத்துவரும் இவ்வினத்தவர், மாதத்தின் முதல் 25 நாட்களில் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிப்பவர் கூட இல்லாமல் வாழ்ந்து, மாதம் முடியும்போது மட்டும் ஒரே நாளில் நான்கு முதலாளிகளால் தேடப்படும் பெருமை உடையவர். எந்தப் புகாருக்கும் இவர் முதலில் சொல்லும் விடை, “என் சிஸ்டத்துல சரியா வருதே சார்” என்பதாகும். இதைப் பொய் என்று கருதுவது வியாபாரிகளின் வழக்கம்; ஆனால் பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கிறது என்பதும், தொல்லையின் வேரே அதுதான் என்பதும் பின்வரும் நிகழ்வால் விளங்கும்.

இவ்வினத்தின் நல்ல மாதிரி எனத் தக்க ஒருவர் பராமரித்துவந்த மொத்த விற்பனைக் கடை ஒன்றில், 2025 ஜூன் மாத விற்பனை அறிக்கை, பில் புத்தகங்களைக் கூட்டி வந்த தொகையைவிடக் கூடுதலாகக் காட்டியது. ஜூலையும் ஆகஸ்டும் அவ்வாறே இருந்தன. செப்டம்பரும் அக்டோபரும் எவரும் எதுவும் செய்யாமலே சரியாகிவிட, நோய் தானே நீங்கியதென்று நிரலாளர் மகிழ்ந்திருந்த வேளையில், நவம்பர் அறிக்கை 38,450 ரூபாய் கூடுதலாக வந்து நின்றது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் வணிகர், சென்ற மாத விற்பனை விவரங்களை ஜிஎஸ்டிஆர்-1 என்னும் படிவத்தில் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் அரசுக்குத் தர வேண்டும் என்பதால், டிசம்பர் முதல் வாரத்தில் நிரலாளரின் உறக்கம் கடையின் பொதுச்சொத்தாக மாறியது.

குழப்பத்தை மிகுவித்த செய்தி வேறொன்றும் இருந்தது. முதலாளி 1ஆம் தேதி காலையிலேயே தம் கைபேசியில் அறிக்கையை எடுத்துப் பார்க்கும் பழக்கமுடையவர். கணக்கரோ 3ஆம் தேதி ஆற அமர எடுப்பவர். ஒரே நவம்பருக்கு இருவர் கையிலும் இரு வேறு தொகைகள் இருந்தன. முடிந்துபோன மாதத்தின் மொத்தம், அதற்குள் திருத்தமேதும் நடக்காத நிலையில், பிறகு வளரக் கூடாது. வளர்ந்தால் அடுத்த மாதத்திலிருந்து ஏதோ உள்ளே நுழைகிறது என்று பொருள். இந்த எளிய தடயத்தைக் கண்டுகொள்ளாமல், நிரலாளர் தம் இனத்தின் மரபுப்படி தொலைதூரக் காரணங்களையே முதலில் நாடினார். பைசாவை முழு ரூபாயாக்கும் கணக்கில் பிழையோ என ஓர் இரவைக் கழித்தார். 38,450 ரூபாய் சேர வேண்டுமானால் அந்தப் பைசாக்கள் எத்தனை பில்களில் சிதறிக் கிடக்க வேண்டும் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த இரவு, சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருக்குமோ என்ற ஐயத்தில் கழிந்தது. கடிகாரம் சரியாகவே ஓடியது.

களைத்துப்போன நிரலாளர் வரலாற்றில் அடைக்கலம் தேடுவதும் இவ்வினத்தின் இயல்புகளில் ஒன்று. வெள்ளிக் கோளை நோக்கி 1962 ஜூலை 22 அன்று அமெரிக்கா ஏவிய மாரினர் 1 விண்கலம், வழிகாட்டும் சமன்பாட்டில் ஓர் எழுத்தின் தலைக்குமேல் இருக்க வேண்டிய சிறு கோடு விடுபட்டதால் ஐந்து நிமிடத்துக்குள் அழிக்கப்பட வேண்டியதாயிற்று என்ற கதையை அவர் முதலாளிக்கு எடுத்துரைத்தார். அதற்கு 25 நாள் கழித்துத்தான் புதுச்சேரியே சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது என்பதால் கதை பழையது என்பதில் ஐயமில்லை. எனினும் முதலாளி கேட்டது 38,450 ரூபாயைப் பற்றி மட்டுமே.

விடையை அவிழ்த்தவர் கணக்கர். நாட்காட்டியைத் தவிர வேறெந்தக் கருவியையும் நம்பாத அம்முதியவர் சொன்னது இது: “தம்பி, ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர், இந்த நாலு மாசமும் சரியா இருக்கு. மே ஒண்ணு தொழிலாளர் தினம். ஜூன் ஒண்ணு ஞாயித்துக்கிழமை. அக்டோபர் ஒண்ணு ஆயுத பூஜை. நவம்பர் ஒண்ணு நம்ம விடுதலை நாள். ஒண்ணாந்தேதி கடை மூடியிருந்தா உங்க சாஃப்ட்வேர் ஒழுங்கா இருக்கு. தொறந்தாத்தான் கோளாறு பண்ணுது.” பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகத்தைக் கைமாற்றியதன் நினைவாகப் புதுச்சேரியில் விடப்படும் விடுமுறை, ஒரு நிரலின் பிழையை மறைக்கவும் பின்னர் அதைக் காட்டிக்கொடுக்கவும் பயன்பட்டது.

அதன்பின் நிரலாளர் திறந்து பார்த்தது, தரவுத்தளத்திலிருந்து, அதாவது பில்களெல்லாம் வரிசையாகச் சேமிக்கப்பட்டிருக்கும் கிடங்கிலிருந்து, குறித்த மாதத்துக்கு உரியவற்றை மட்டும் எடுத்துத் தரும் இரு வரிகளை:

```sql
WHERE bill_date >= '2025-11-01'
  AND bill_date <= '2025-12-01'
```

முதல் வரி நவம்பர் 1 முதல் என்கிறது. இரண்டாவது, டிசம்பர் 1 வரை என்கிறது. நாள் மட்டும் எழுதி நேரம் எழுதாவிட்டால் கணினி அதை அந்நாளின் நள்ளிரவு 00:00:00 என்றே கொள்ளும். ஆகவே இரண்டாம் வரியில் உள்ள சமக்குறி, டிசம்பர் 1 பிறக்கும் அந்த ஒரு நொடியையும் நவம்பருக்குள் சேர்த்துவிடுகிறது. நள்ளிரவில் யார் பில் போடுவார் என்று கேட்கலாம். கடைக் கல்லாவில் போடும் பில்லில் மணி, நிமிடம், நொடி மூன்றும் தாமே பதிவாகும். ஆனால் லைனுக்குச் செல்லும் விற்பனையாளர் கையால் எழுதிவரும் கடன் பில்களை மாலையில் கணினியில் ஏற்றும்போது தேதி மட்டுமே இடப்படுவதால், அவையெல்லாம் நள்ளிரவில் எழுதப்பட்டவையாகவே பதிவாயின. டிசம்பர் 1 அன்று அவ்வாறு ஏறிய 7 பில்களின் கூட்டுத்தொகை 38,450 ரூபாய். நவம்பரிலும் டிசம்பரிலும் ஒரே சமயத்தில் வசித்தவை இவையே. நிரலாளர் தம் கணினியில் சோதனைக்கென இட்ட பில்களோ எல்லாம் கல்லாத் திரையின் வழியே நேரத்தோடு இடப்பட்டவை என்பதால், அவர் சிஸ்டத்தில் எப்போதும் சரியாகவே வந்தது.

எல்லைகளைக் குறிக்கும்போது தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விலக்குவதே நன்று என்று நெதர்லாந்துக் கணினியறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதினார். அவ்வாறு செய்தால் ஒரு மாதத்தின் முடிவெல்லையும் அடுத்த மாதத்தின் தொடக்க எல்லையும் ஒன்றே ஆகி, இடையில் எதுவும் தவறி விழாமலும் இருமுறை எண்ணப்படாமலும் அமையும். மாதத்துக்கு 28 நாளா 31 நாளா என்ற கவலையும் வேண்டியதில்லை. நிரலாளர் இதைக் கல்லூரியிலேயே படித்திருந்தார்.

அந்தச் சமக்குறி எங்கிருந்து வந்தது என்பது கிளறாமல் விடத்தக்க கேள்வி. ஆயினும் நிரலில் யார் எப்போது எதை மாற்றினார் என்பதைப் பதிந்துவைக்கும் ஏடு அதைக் கிளறியது. மார்ச் அறிக்கையில் முடிவு நாள் 31 என்று இருந்தமையால், அன்று நள்ளிரவுக்குப் பின் கல்லாவில் போட்ட பில்களெல்லாம் விடுபட்டிருந்தன. அதைச் சரிசெய்ய ஏப்ரலில் தேதியை அடுத்த மாதம் 1 என மாற்றியவர், சமக்குறியை அப்படியே விட்டுவிட்டார். மாற்றியவர் இதே நிரலாளர். அதற்கு அவர் இட்ட குறிப்பு `month end fix final`. தொழிலாளர் தினமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அடுத்தடுத்து வந்து அத்திருத்தத்துக்கு இரண்டு மாத நற்சான்று வழங்கியதால்தான், ஜூன் மாதம் பிழை தோன்றியபோது அம்மாதம் வாங்கிய புது பிரிண்டர் மீது பழி விழுந்தது.

ஒரு விசையை ஒருமுறை அழுத்தியதும் சமக்குறி நீங்கியது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கென ஏற்கெனவே தாக்கலான விவரங்களைத் திருத்தும் வேலை மட்டும் கணக்கரிடம் எஞ்ச, நிரலாளர் வீட்டுக்குப் போகும்முன் தம் கட்டணச் சீட்டைத் தயாரித்தார். ஓர் எழுத்தை நீக்கியதற்கு எந்த முதலாளியும் பணம் தரமாட்டார் என்பதை அனுபவத்தால் அறிந்தவராதலால், ‘மாத இறுதி அறிக்கைப் பகுதி முழுமையாக மறுசீரமைக்கப்பட்டது’ என்று அதில் எழுதினார். கணக்கர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதை இருமுறை படித்துவிட்டு, “கணக்குல வரவு வைக்கணும், தேதியோட நேரத்தையும் போட்டுக் குடுங்க தம்பி” என்றார்.