நீட்டிய கை எங்கே போவது?

கேள்வி: பாடசாலை விழாவுக்கு வந்த முஸ்லிம் ஆசிரியைக்குக் கை நீட்டினேன். அவர் சிரித்தபடி நெஞ்சில் கை வைத்தார். நீட்டிய கையை நான் என்ன செய்வது?
– வாசகர், சண்டிலிப்பாய்

பதில்: வீட்டுக்கு வரும் மாமியைக் கை குலுக்கியா உள்ளே கூப்பிடுகிறீர்கள்? "வாங்கோ, இருங்கோ" என்பதிலேயே அவருக்கு மனம் நிறைந்துவிடுகிறதே!

நீட்டிய கையை வெடுக்கென்று இழுக்காமல் உங்கள் நெஞ்சுக்கே கொண்டுபோங்கள். "சொறி" வேண்டாம், மன்னிப்புக் கேட்டால் யாரோ பிழை விட்டதாக ஆகிவிடும். காரணமும் கேட்க வேண்டாம். "வாங்கோ ரீச்சர், பயணம் எப்பிடி?" என்று அடுத்த பேச்சைத் தொடங்குங்கள். கை கொடுக்காதவருக்கும் ஒன்று: மற்றவர் கை எழும்புவதற்கு முன்பே உங்கள் கை நெஞ்சுக்குப் போகட்டும்.

இந்தக் கை விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. சுவீடனில் வேலை நேர்முகத்தில் கை குலுக்காமல் நெஞ்சில் கை வைத்து வணங்கிய முஸ்லிம் பெண்ணின் நேர்முகம் அத்தோடு முடிந்தது. 2018இல் தொழில் நீதிமன்றம் அந்த நிறுவனத்தை அவருக்கு 40,000 குரோனர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆண், பெண் இருவரையும் அவர் ஒரே மாதிரி வணங்குபவர் என்பது அவருக்குத் துணை நின்றது.

அடுத்த விழாவில் வாசலில் நிற்கும்போது எல்லாரையும் கைகூப்பியே வரவேற்றுப் பாருங்கள். யாருடைய கையும் அந்தரத்தில் நிற்காது.