எட்டாவது கார்டு

கிரெடிட் கார்டு விற்கிறவனை இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். முதலில் வாடிக்கையாளர். அவர் எப்படியோ மசிந்துவிட்டால், வங்கி.

வாடிக்கையாளரின் மறுப்பில் ஒரு பண்பாடு உண்டு. "மீட்டிங்ல இருக்கேன்" என்பார். பின்னால் கடுகு வெடிக்கும். வங்கிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அல் குசைஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கேரேஜ்காரர் கரக் டீ வாங்கிக் கொடுத்து, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அல் எதிஹாத் கிரெடிட் பீரோ 300 முதல் 900 வரை மதிப்பெண் போடும். அதில் அவருடைய பழைய தவணை பாக்கி எட்டிப்பார்த்தது, விண்ணப்பம் திரும்பியது. கார்டுக்கு ஏங்குகிறவருக்கு வங்கி தராது. வங்கி யாருக்கு ஏங்குகிறதோ, அவர் என் நம்பரை பிளாக் செய்திருப்பார்.

அதனால் ஃபாரத்தை எடுக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: சம்பளம் 5,000 திர்ஹமுக்கு மேலா, கம்பெனி வங்கியின் பட்டியலில் இருக்கிறதா, தவணையோ செக்கோ தவறியதுண்டா? பாதி ஏமாற்றம் டீயோடு முடிந்துவிடும்.

2024 ஆகஸ்டு 27 முதல் புதுச் சட்டம்: காலை 9 முதல் மாலை 6 வரைதான் விற்பனை அழைப்பு, வேண்டாம் என்றவரை மறுபடி அழைக்கக் கூடாது. ஆபீசே புலம்பியது. திட்டு வாங்குவதற்கும் அரசாங்கம் ஆபீஸ் நேரம் குறித்ததே என்று எனக்கு நிம்மதி.

வருமானக் கணக்கு தனிக் கூத்து. அடிப்படைச் சம்பளம் 3,000. மாதம் எட்டு கார்டு தேறினால், கார்டுக்கு 150 வீதம் 1,200 கமிஷன். ஏழு தேறினால்? சுழியம். ஆக, முதல் ஏழு கார்டும் தர்மம்; எட்டாவது கார்டின் விலை 1,200. மாதக் கடைசியில் கட்டட நாத்தூரைக்கூட நான் ஆசையோடு பார்ப்பது இதனால்தான்.

சீனியரான கீழக்கரை பாய்தான் வழி சொன்னார். ஒரு மாதம் 24ஆம் தேதி கையில் ஐந்துதான். புதிதாக ஒரு ஃபாரம் மட்டும் கிடைத்தது. ஓடிப்போய்க் கொடுக்கப் பார்த்தேன்.

"தம்பி, அஞ்சு மவுத்தாப் போச்சு. ஆறாவதையும் ஏன் அதோட அடக்கம் பண்றீங்க? ஒண்ணாந்தேதி குடுங்க."

அடுத்த மாதம் ஒன்றிலிருந்து தொடங்கி ஒன்பதில் முடித்தேன்: 1,350. அதிலும் மூன்றில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. ஆறு மாதத்துக்குள் வாடிக்கையாளர் கார்டை ரத்து செய்தால் கொடுத்த கமிஷனைப் பிடித்துக்கொள்வார்கள்.

பாயின் இன்னொரு கட்டளை: ஊருக்கு அனுப்புவது அடிப்படைச் சம்பளத்திலிருந்து மட்டும், மாறாத 1,000. கமிஷன் கொட்டிய மாதமும் அதே, சுழியம் வாங்கிய மாதமும் அதே. சுழிய மாதங்கள் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. மற்ற மாதங்களும்தான்.

"பக்கத்து வீட்டுப் பையனுக்கெல்லாம் ஏத்திட்டாங்களாம்டா. நீ அங்க யாருகிட்டயும் வாயத் திறந்தே பேசமாட்டியா?" என்கிறாள்.