கணக்கு மாறிவிட்டதாம்!

முதுநகர் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிறவரின் பெயரில் ஒரு மெயில் வருகிறது என்று வையுங்கள்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. நிலுவையைப் புதிய எண்ணுக்கு அனுப்பவும்." நம் கணக்குப்பிள்ளை லேசுப்பட்டவரா? மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்கே போன் போட்டு, "உண்மைதானா சார்?" என்று கேட்பார். எழுதியவரே எடுத்து, சத்தியம் பண்ணாத குறையாக ஆமாம் என்பார். ஃபைலில் டிக் விழும்.

ஜிஎஸ்டி எண்ணையும் பார்ப்பார். 33-இல் தொடங்குகிறது, அடுத்த பத்து எழுத்தும் பான் எண்ணோடு பொருந்துகிறது. பொருந்தாமல் என்ன? அது ஒவ்வொரு பில்லிலும் அச்சாகிற சங்கதி. திருடனிடமும் ஒரு பில் இருக்கும். வங்கி முத்திரை போட்ட கடிதம் கேட்கலாம்தான். ஆனால் நம் மாவட்டத்துப் பண்ருட்டியில் 2020-இல் ஸ்டேட் வங்கிக் கிளையையே போலியாகத் திறந்தார்கள், முத்திரை எம்மாத்திரம்!

பணம் போய்ச் சேர்வது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்தல்ல. அதனால்தான் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்புமுன் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி சொன்னது. தேதியை யார் தேர்ந்தெடுத்தார்களோ! அதிலும் கடைப்பெயருக்குப் பதில் முதலாளி பெயர் வந்தால் குழப்பம்தான். அப்போது போன வருஷத்துப் பில்லை எடுத்து, அதிலுள்ள நம்பரில் ஐஸ்காரரையே கூப்பிட வேண்டும். "நான் எங்கேங்க மாத்தினேன்? போன மாசப் பாக்கி என்னாச்சு?" என்பார். கணக்குப்பிள்ளைகள் அந்த நம்பரைத் தவிர்ப்பதற்குக் காரணமும் அதுதான்.