முதுகிலும் ஒரு கண்

கேள்வி: ஒளிந்து விளையாடும் கேம்களில், காவலாளியின் பின்னால் பதுங்கிப் போனாலும் சில சமயம் மாட்டிக்கொள்கிறோமே! அவருக்கு முதுகிலும் கண்ணா?

பதில்: உண்டு, ஆனால் சின்னக் கண்! 1998-இல் வந்த ‘தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பார்வைக் கூம்பு வைத்தால், கோட்டுக்கு உள்ளே கழுகு, வெளியே குருடு என்றாகிவிடும். அதனால் அதில் பல கூம்புகள். எதிரே கூர்மையான பார்வை ஒன்று, பக்கவாட்டில் கடைக்கண், அங்கே நின்றால் தப்பிக்கலாம், அசைந்தால் உறுத்தும். முதுகுப் பக்கம் குட்டையாக இன்னொன்று. யாரோ ஒட்டி நிற்கிறார்கள் என்று நமக்கே தோன்றுமே, அதற்காக!

காது இன்னும் அழகு. பக்கத்து அறையில் உங்கள் காலடிச் சத்தம் சுவரைத் துளைத்து அவரை எட்டாது. வாசல் வழியாகச் சுற்றித்தான் வரும். அவரும் சுவரில் முட்டாமல் வாசலைப் பார்த்துத் திரும்புவார்.

கண்டதும் கத்தியை உருவவும் மாட்டார். சந்தேகம் படிப்படியாக ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். அப்படி மெதுவாக இறங்காவிட்டால், கூம்பின் விளிம்பில் நீங்கள் உள்ளே வெளியே போகும்போதெல்லாம் பழுதான டியூப்லைட் மாதிரி பாய்வார், மறப்பார், மறுபடி பாய்வார். எனக்குப் பிடித்தது அந்த முதல் படியில் அவர் முணுமுணுப்பதுதான். “யாரது?” என்று கேட்டால், நிழலுக்குள் நகர உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது!