ஆடவரும் ஆடவாரும்

ஒலியால் ஒத்துப் பொருளால் பிரியும் சொற்கள் திராவிட மொழிகளுக்கிடையே பல உண்டெனினும், அவற்றுள் மிகுந்த கேடு விளைக்க வல்ல இணை பொதுக் கழிப்பறையின் இரு கதவுகளுக்கு உரியதாகும். தமிழில் ஆடவர் என்பது ஆண்களையும் மகளிர் என்பது பெண்களையும் குறிக்க, தெலுங்கில் 'ஆடவாரு' பெண்களையும் 'மகவாரு' ஆண்களையும் குறிக்கும். ஆகவே தெலுங்கு எழுத்துகளைக் கூட்டிப் படிக்க மட்டும் கற்ற தமிழர், தம் கல்வியைப் பயன்படுத்தும் முதற்கணத்திலேயே தவறான கதவைத் தள்ளுவார்; எழுத்தே அறியாதவரோ மீசைப் படத்தைப் பார்த்துத் தப்பிவிடுவார்.

தமிழ்ப் பலகையைத் தெலுங்காக்குவோர் ஒலியை நம்பினால் விளைவது இன்னும் நுட்பமானது. ஒரு சொல் மட்டும் பிழைத்திருந்தால் இரு கதவுகளும் ஒரே பாலாருக்கு உரியனவாகி, வண்ணம் பூசுபவரே ஐயுற்று நிறுத்தியிருப்பார். இரண்டும் ஒருசேர இடம் மாறுவதால், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்னும் கணக்கு பிசகாமல் நிற்க, முதற்கூக்குரல் எழும்வரை பிழை புலப்படுவதில்லை. அலுவல்முறைப் பலகைகள் 'புருஷுலு', 'ஸ்த்ரீலு' என்னும் வடசொற்களை எழுதிக் காத்துக்கொள்கின்றன. தனித்தமிழ் அன்பரும் இவ்விடத்தில் மட்டும் வடமொழிக்கு நன்றி கூறலாம்.

தொல்காப்பியம் ஆணை ஆடூஉ என்றும் பெண்ணை மகடூஉ என்றும் வழங்குதலால், தமிழின் பங்கீடு பழையது என்பது தெளிவு. எனினும் குழந்தையைக் குறிக்கும் 'மக' என்னும் அடி, மகன், மகள் என இருபாலுக்கும் பொதுவாய் நிற்க, தெலுங்கு 'மக' என்பதை ஆணுக்கு ஒதுக்கிவிட்டு, 'மகுவ' என்பதைப் பெண்ணுக்கே வைத்துக்கொண்டது. இதனால் தெலுங்கரைக் குறைகூறப் புகும் தமிழருக்குத் தெலுங்கே பாதி சான்று தருகிறது.

கன்னடம் மகன், மகள் விவகாரத்தில் தமிழின் பக்கம் நின்றாலும், வேறிடத்தில் பழிதீர்த்துக்கொள்கிறது. 'இல்லி வாஹன நில்லிசபேடி' என்னும் பலகையில் 'இல்லி' என்பது 'இங்கே' எனவும், 'நில்லிச' என்பது 'நிறுத்த' எனவும், இறுதியிலுள்ள 'பேடி' என்பது 'வேண்டாம்' எனவும் பொருள்படும். கன்னடத்தில் 'இல்லை' என்பதற்கு 'இல்ல' என்னும் சொல் இருத்தலால், ஓருயிர் வேறுபாட்டைக் கவனியாத தமிழ் ஓட்டுநர், முதற்சொல்லையே மறுப்பாகக் கொண்டு, 'பேடி'யை யாரோ ஒருவரை ஏசும் சொல்லாகக் கருதி, வண்டியை அப்பால் கொண்டுசெல்வார். காரணம் பிழையாயினும் காரியம் சரியாகும். அவ்வெற்றி தந்த துணிவுடன் அவர் அடுத்த தெருவில் 'இல்லி வாஹன நில்லிசி', அதாவது 'இங்கே வண்டியை நிறுத்துங்கள்' என்னும் பலகையைக் கண்டு, காலியாய்க் கிடக்கும் அவ்விடத்தையும் பணிவோடு கடந்து செல்வார்.