மின் ஸ்கூட்டர்: கரண்ட் மலிவுதான், பேட்டரி?

கே: வீடு பெரம்பலூர், வேலை அரியலூர். போக வர 60 கிலோமீட்டர். "கிலோமீட்டருக்குக் கால் ரூபாய்கூட ஆகாது" என்று ஷோரூமில் சொல்கிறார்கள். நம்பலாமா?

கரண்டை மட்டும் கணக்கில் எடுத்தால் நம்பலாம். ஆனால் உங்கள் செலவு கரண்டோடு முடிவதில்லை.

மாதம் 25 நாள் வேலை என்றால் 1500 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள். மூன்று யூனிட் கொள்ளளவு பேட்டரி உள்ள ஸ்கூட்டர், சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 28 கிலோமீட்டர் தரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத ரீடிங்கில் 107 யூனிட் கூடும். வீட்டில் ஏற்கெனவே 300 யூனிட் ஓடுகிறது என்றால், 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி பில் 705 ரூபாயிலிருந்து 1219 ரூபாய் ஆகும். கூடுதல் 514 ரூபாய். அதில் 3000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள், ஆகவே கிலோமீட்டருக்கு 17 பைசா. ஷோரூம்காரர் சொன்னது சரி.

இப்போது அவர் சொல்லாததைச் சேர்ப்போம். பேட்டரிக்கு 60 ஆயிரம், சார்ஜருக்கும் எர்த்தோடு 15 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட் போடவும் சேர்த்து 15 ஆயிரம் என்று வைக்கிறேன். உங்கள் மாடலுக்கு என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 80 ஆயிரம் கிலோமீட்டரில் இந்த 75 ஆயிரமும் தேய்ந்து முடிகிறது என்று கடுமையாகவே கணக்கிட்டால் கிலோமீட்டருக்கு 94 பைசா. கரண்டையும் சேர்த்தால் 1 ரூபாய் 11 பைசா.

பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், மைலேஜ் 48 என்றால் எரிபொருள் மட்டும் 2 ரூபாய் 13 பைசா. ஆயில், பெல்ட் போன்ற இன்ஜின் செலவுக்கு 25 பைசா சேர்த்தால் 2.38. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 27 பைசா மிச்சம். வருஷத்துக்கு 18 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு ஏறத்தாழ 22,800 ரூபாய். தாராளமாக வாங்குங்கள்.

கே: மின் வண்டியின் விலையே அதிகம். அந்தக் கூடுதல் விலையையும் இதில் சேர்க்க வேண்டாமா?

வேண்டாம், சேர்த்தால் ஒரே பேட்டரிக்கு இரண்டு முறை பணம் கட்டியதாக ஆகும். மின் வண்டியின் விலை கூடுதலாக இருப்பதற்குப் பெரிய காரணமே உள்ளே இருக்கும் பேட்டரிதான். அதன் தேய்மானத்தை நான் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே பிடித்துவிட்டேன். விலை வித்தியாசத்தைச் சேர்க்கிறவர்கள் பேட்டரித் தேய்மானத்தை விட்டுவிட வேண்டும். ஏதாவது ஒன்றுதான்.

கே: நான் அரியலூரில் டீச்சர். பள்ளிக்கும் கடைக்கும் சேர்த்தே நாளுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். எனக்கும் இதே லாபம் வருமா?

வராது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் பேட்டரிக்கு வயதாகும். அதனால்தான் பல நிறுவனங்கள் இப்போது "எட்டு வருஷம் அல்லது 80 ஆயிரம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது" என்று வாரண்டி எழுதுகின்றன. அரியலூர் போய்வரும் நண்பருக்கு நாலரை வருஷத்திலேயே 80 ஆயிரம் முடிந்துவிடும். உங்களுக்கு வருஷம்தான் முதலில் வரும். மாதம் 25 நாள் வீதம் எட்டு வருஷத்தில் நீங்கள் ஓட்டப்போவது 28,800 கிலோமீட்டர். அதே 75 ஆயிரத்தை இதில் பகிர்ந்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 60 பைசா! கரண்ட் 17 பைசாவையும் சேர்த்தால் 2.77. பெட்ரோல் வண்டிக்கு 2.38 தான்.

சமமாகும் இடம் எது என்றும் பார்த்துவிடலாம். பெட்ரோலுக்கும் கரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 ரூபாய் 21 பைசா. 75 ஆயிரத்தை அதனால் வகுத்தால் சுமார் 34 ஆயிரம் கிலோமீட்டர். எட்டு வருஷத்தில் அதை எட்ட, வேலை நாளுக்கு 14 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் புகையில்லை, சத்தமில்லை, பெட்ரோல் பங்க் வரிசை இல்லை என்பதற்காக வாங்குங்கள். காசு மிச்சத்துக்காக வேண்டாம்.

கே: எங்கள் வீட்டில் ஏசி உண்டு. ஈபி ரீடிங் எப்போதும் 420 யூனிட் வாக்கில் வரும். ஸ்கூட்டர் வந்தால் பில் எகிறுமா?

எகிறும். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவுக் கட்டணம் கையை விட்டுப் போகும். 500 யூனிட்டுக்குப் பில் 1805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2048. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

நீங்களும் இரண்டு மாதத்துக்கு 3000 கிலோமீட்டர் ஓட்டினால் ரீடிங் 527 ஆகும், பில் 1301-இலிருந்து 2267-க்குப் போகும். பார்த்ததும் நெஞ்சு பதறும். ஆனால் அந்த 966 ரூபாயை 3000 கிலோமீட்டருக்குப் பகிர்ந்தால் 32 பைசாதான். பெட்ரோலுக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. வேலை இடத்தில் அனுமதியோடு சார்ஜ் போட முடிந்தால் 500-ஐத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

கே: வயலில் பம்ப்செட் இருக்கிறது, இலவச மின்சாரம். அங்கேயே சார்ஜ் போட்டுக்கொள்ளட்டுமா?

கூடாது. அந்த இணைப்பு பாசனத்துக்குத் தந்தது. வேறு வேலைக்கு இழுத்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவின்படி, அந்த உபயோகத்துக்குரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு கேட்பார்கள். 17 பைசாவை மிச்சம் பிடிக்கப்போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கே: சார்ஜருக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். முறையா?

முன்பு சில நிறுவனங்கள், மத்திய அரசின் மானியத்துக்கு வகுத்த விலை உச்சவரம்புக்குள் வண்டியைக் காட்ட, சார்ஜரைத் தனி பில்லில் போட்டன. அரசு கேள்வி கேட்ட பிறகு, 2023-இல் அந்தப் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஆகவே விலைப்பட்டியலை வாங்கி, சார்ஜர் வண்டி விலைக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சார்ஜருக்கு எத்தனை வருஷ வாரண்டி, வாரண்டிக்குப் பின் புதிது என்ன விலை என்று கேளுங்கள்.

கே: என் வண்டி யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது? திரையில் காட்டுவது போதாதா?

போதாது. திரை காட்டுவது பேட்டரியிலிருந்து வெளியேறிய மின்சாரம். சார்ஜர் சூடாகும்போது வீணாகிறதே, அதற்கும் பில் கட்டுவது நீங்கள்தான். சுவரில் ஓடுவது பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் அதிகமாக இருக்கும்.

15 ஆம்ப்ஸுக்கு ஏற்ற பிளக் மீட்டர் ஒன்றை வாங்கி, பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவில் மாட்டுங்கள். பேட்டரியை நிரப்பிவிட்டு ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டி, சார்ஜ் போடும்போதெல்லாம் மீட்டர் காட்டும் யூனிட்டைக் கூட்டிவாருங்கள். வாரக் கடைசியில் மறுபடியும் முழுவதும் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை மொத்த யூனிட்டால் வகுங்கள். பெரம்பலூர்–அரியலூர் சாலையில் 70-ல் விரட்டினால் இந்த எண் குறையும், 45-ல் போனால் கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யும்போது, முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகிறது என்பதையும் எழுதி வையுங்கள். பேட்டரி வாரண்டியில் எழுபது சதவீதம், எண்பது சதவீதம் என்று ஒரு எல்லை போட்டிருப்பார்கள். வண்டியின் ஓட்டம் அதற்குக் கீழே போவதாகத் தெரிந்தால், வாரண்டி முடியும் முன்பே அந்த நோட்டோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், பேட்டரியைச் சோதித்து எழுத்தில் தரும்படி கேளுங்கள்.