கரப்பான்களின் சார்பில் ஒரு முன்னறிவிப்பு

அனுப்புநர்: உரிமையாளர், மளிகைக் கடை, கடைவீதி.
பெறுநர்: கிளை மேலாளர், பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம்.

பொருள்: மாதாந்திர ஒப்பந்தத்தை 9-ஆம் பிரிவின்படி முடித்துக்கொள்வது – தொடர்பாக.

ஐயா,

இரு தரப்பில் யாரும் 30 நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது 9-ஆம் பிரிவு. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பழி கரப்பான்கள்மேல் விழும். அவை பாவம், தம் வேலையை ஒழுங்காகச் செய்பவை.

மாதாமாதம் வரும் தங்கள் ஊழியர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பொட்டுப் பொட்டாக ஜெல் வைக்கிறார். கரப்பான் அதைத் தின்று, பொந்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்னும் மற்றவையும் சாகும். நல்ல ஏற்பாடு. அடுத்த நிமிடமே அந்த ஜெல்மீதே மருந்தடித்தும் விடுகிறார். மருந்து வாடை அடிக்கும் சாப்பாட்டை எந்தக் கரப்பான் தொடும்? இலை போட்டு, சோறு பரிமாறி, அதன்மேல் பினாயில் தெளித்த பந்தி அது.

கடைகளில் திரியும் சின்னக் கரப்பானில் பெண், முட்டைக்கூட்டைப் பொரியும் தறுவாய்வரை வாலில் சுமந்தே திரியும். ஒரு கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சுகள். கூட்டின் ஓட்டைத் தாண்டி மருந்து உள்ளே இறங்காது. அதனால்தான் மருந்தடித்த மறுநாள் அமைதி, சில வாரத்தில் அடுத்த தலைமுறையின் காதுகுத்து. தங்கள் சர்வீஸ் சீட்டில் மட்டும் எப்போதும் ‘பூச்சித் தொல்லை: இல்லை’. உணவுப் பாதுகாப்பு அதிகாரி கேட்டால் காட்ட அந்தச் சீட்டுகளைக் கோப்பில் வைத்திருக்கிறேன். கடையில் கரப்பான் நுழையாத ஒரே இடம் அந்தக் கோப்புதான்.

எலிப்பெட்டிக்குள் வைத்த மருந்துக்கட்டி பல் படாமல் தூசி படிந்து கிடக்கிறது. சீட்டில் ‘மருந்து உண்ணப்பட்டது’. யார் உண்டார் என்று மட்டும் இல்லை.

இனி கணக்கு. இக்கடிதத்தை ஜூன் 3-ஆம் தேதி தங்களிடம் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்கிறேன். மறுநாளிலிருந்து எண்ணினால் 30-ஆவது நாள் ஜூலை 3. ஜூன் மாதக் கட்டணம் 1,200 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,416, முழுதாகத் தருகிறேன். ஜூலையில் மூன்று நாளுக்கு 1,416-ஐ 31-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 137 ரூபாய். அதற்கு மேல் என் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்க வழியில்லை. வங்கிக்கும் தனியே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தம் முடிந்தாலும் பிடித்தம் தானாக முடியாது என்பது தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

முன்னறிவிப்புக் காலத்திலும் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே ஜூன் மாத வருகைக்கு ஊழியரை அனுப்பவும். ஜெல் மட்டும் போதும், மருந்தடிக்க வேண்டாம். எலிப்பெட்டியை இருவரும் சேர்ந்து திறந்து பார்த்த பிறகே சீட்டில் கையெழுத்திடுவேன்.

இப்படிக்கு,
கடைக்காரர்

நகல்:
1. வங்கிக் கிளை மேலாளர் – தக்க நடவடிக்கைக்காக.
2. ஃப்ரிட்ஜின் பின்புறம் – தகவலுக்காக மட்டும்.